தமிழ் லைன் முகவரின் அப்ரைசல்: திட்டு வாங்கிய கோல்களை எந்தக் கணக்கில் வைப்பது?

கேள்வி: கொழும்பில் ஒரு இன்டர்நெட் கொம்பனியின் கோல் சென்டரில் டீம் லீடராக இருக்கிறேன். தமிழ் லைனில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு வாடிக்கையாளர் ரேட்டிங் குறைவு. ஆனால் கெட்ட வார்த்தையில் திட்டுகிற கோல்கள் அவவுக்குத்தான் அதிகம் வருகின்றன. பரிவு, பிரச்சினையைத் தீர்த்த தரம், திட்டுகிறவர்களைக் கையாண்ட விதம் ஆகிய மூன்றையும் வருட அப்ரைசலில் எப்படி நியாயமாக மதிப்பிடுவது?

பதில்:

ஒரு கோலையும் கேட்கத் தொடங்குவதற்கு முன் கடைசி மூன்று மாதக் கோல்களை மூன்றாகப் பிரியுங்கள். சாதாரண கோல்களில் எழுந்தமானமாக ஒரு இருபது. அதே கணக்கிலிருந்து அதே பிரச்சினைக்காக ஏழு நாளுக்குள் திரும்ப வந்த கோல்களில் ஒரு பத்து. திட்டு என்று குறியிடப்பட்டவை முழுவதும். ஒரு முகவர் நாளுக்கு 50 கோல் எடுத்தால் மாதத்துக்கு 1,100 வரை வரும். அதில் எட்டை மட்டும் எடுத்துக் கேட்டால், திட்டு விழுந்த கோல் ஒன்றுகூட அகப்படாமல் போகலாம், அல்லது இரண்டு அகப்பட்டு முழு மாதத்தையும் அவையே தீர்மானிக்கலாம்.

ரேட்டிங்கையும் இதே மாதிரிப் பிரித்துப் பாருங்கள். அவவுக்கு 40 ரேட்டிங் வந்திருக்கிறது, அதில் பத்து திட்டியவர்கள் போட்ட 1 என்று வைத்துக்கொள்வோம். மற்ற முப்பதின் சராசரி 4.4. எல்லாவற்றையும் கூட்டிப் பிரித்தால் 3.55 வரும். பக்கத்து மேசைக்காரருக்குத் திட்டே வராமல் 4.2 இருந்தால், படிவத்தில் அவர் மேலே நிற்பார். அதற்காக அந்தப் பத்தையும் கணக்கிலிருந்து அழித்துவிடவும் கூடாது. அழித்தால் அடுத்த மாதமே கோபமாகப் பேசிய ஒவ்வொருவரும் திட்டியவராகக் குறியிடப்படுவார். இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். திட்டு என்ற குறியீடு சரிதானா என்று நீங்களே கேட்டு உறுதி செய்யுங்கள். “உங்கட கொம்பனி கள்ளக் கொம்பனி” என்று கத்துவது முறைப்பாடு. முகவரின் மேல் ஆபாச வார்த்தை, அவவின் இனத்தையோ மொழியையோ இழுப்பது, மிரட்டுவது ஆகியவைதான் திட்டு. வயதானவர் ஒருவர் “பிள்ளை, நீ பார்த்துச் சொல்லு” என்பது இரண்டிலும் சேராது.

மூன்று அளவுகோலும் ஒரே கோலில் எப்படித் தனித்தனியாக நிற்கும் என்பதற்கு ஒரு மாதிரிக் கோலை எடுத்துக்கொள்வோம். கொட்டாஞ்சேனையிலிருந்து ஒருவர் எடுக்கிறார். மூன்று நாளாக ஃபைபர் லைன் இல்லை, நாளை காலை 8 மணிக்கு மகளுக்கு ஒன்லைன் பரீட்சை. ஒரு நிமிடம் தாண்டியதும் முகவரைக் கெட்ட வார்த்தையில் திட்டுகிறார். அவ சொல்கிறா: “சேர், உங்கட லைனை நான் இப்ப பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். இந்த வார்த்தைகளோட என்னால தொடர ஏலாது.” அவர் கொஞ்சம் அடங்குகிறார். ரவுட்டரில் LOS என்ற விளக்கு என்ன நிறம் என்று கேட்கிறா. சிவப்பு. பழைய டிக்கெட்டைத் திறந்தால், வாடிக்கையாளரை அடைய முடியவில்லை என்று எழுதி நேற்று மூடியிருக்கிறார்கள். விசாரித்தால், டெக்னீசியன் சிங்களத்தில் எடுத்துப் பேசியிருக்கிறார், இவருக்கு விளங்கவில்லை, வெட்டிவிட்டார். மூன்றாவது நிமிடத்தில் மறுபடி திட்டு. “சேர், இன்னொரு தரம் இப்படிப் பேசினால் கோலை முடித்துவிடுவேன். டிக்கெட்டைத் திரும்பத் திறந்திருக்கிறேன், நம்பர் எஸ்.எம்.எஸ்ஸில் வரும். வீட்டில் சிங்களம் பேசுகிற ஆளின் நம்பர் ஒன்று தாங்கோ.” மகனின் எண்ணைத் தருகிறார். நான்கரை நிமிடத்தில் மூன்றாவது தடவை ஆபாசமாகப் பேச, கோலை முடிப்பதாகச் சொல்லிவிட்டு முடிக்கிறா. ரேட்டிங் 1.

இந்தக் கோலில் பரிவை எங்கே தேடுவது? பல படிவங்களில் “பரிவு வாசகம் சொன்னாரா, ஆம் அல்லது இல்லை” என்று ஒரு பெட்டி இருக்கும். அந்தப் பெட்டிக்காகவே, வாடிக்கையாளர் வாயைத் திறந்து பத்தாவது செக்கனில் “உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்” என்று ஒப்பிப்பவர்கள் இருக்கிறார்கள். அதை எண்ணாதீர்கள். மூன்று விடயங்களைக் கேளுங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி: அவர் சொல்லி முடிக்க விட்டாவா, அவர் சொன்னதில் அவருக்கே உரிய ஒரு விபரத்தைத் திருப்பிச் சொன்னாவா, அந்த விபரத்தால் அவ செய்த வேலையில் ஏதாவது மாறியதா. மூன்றாவதுதான் கனமானது. நம் உதாரணத்தில் அந்த விபரம் பரீட்சை. “எட்டு மணிக்கு முதல் ஆள் வருவார் என்று சொல்ல மாட்டேன், அது பொய்யாகப் போகும். காலையில் முதல் நேரத்தைக் கேட்டுப் போடுகிறேன். பரீட்சைக்கு உங்கட போனில் ஹொட்ஸ்பொட் போட்டுக் கொடுங்கோ, இன்றிரவே ஒருக்கா இணைத்துப் பாருங்கோ” என்று அவ சொல்லியிருந்தால் மூன்று புள்ளியும் உண்டு. பரீட்சையைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் டிக்கெட்டை மட்டும் திறந்திருந்தால் ஒன்று. குரல் இனிமையாக இருந்ததா என்பதற்கு நான் புள்ளி போடச் சொல்ல மாட்டேன். அதை இருவர் கேட்டால் இரண்டு தீர்ப்பு வரும்.

ஒரு எச்சரிக்கை. பேச்சு தமிழில், டிக்கெட் குறிப்பு ஆங்கிலத்தில் என்றால் தட்டச்சு செய்யும்போது முப்பது, நாற்பது செக்கன் மௌனம் வரும். ஒலியை மட்டும் கேட்பவருக்கு அது அலட்சியமாகப் படும். திரைப் பதிவு இருந்தால் சேர்த்துப் பாருங்கள். “எழுதிக்கொண்டிருக்கிறேன் சேர், ஒரு நிமிஷம்” என்று சொல்லிவிட்டு மௌனமானாவா என்பதே அவவிடம் கேட்க வேண்டியது.

தீர்வின் தரத்தை அந்தக் கோலுக்குள் தேடிப் பயனில்லை, அதற்குப் பின் நடந்ததில்தான் தெரியும். இரண்டாவது குவியல் அதற்காகத்தான். ஆனால் திரும்ப வந்த கோல் எல்லாம் முகவரின் பிழை அல்ல. பத்தையும் டிக்கெட் வரலாற்றோடு வைத்து, ஒவ்வொன்றுக்கும் யார் காரணம் என்று எழுதுங்கள். மூன்றில் அவவின் தவறு, ஐந்தில் களத்துக்கு ஆள் போகவில்லை, இரண்டில் பிரச்சினையே வேறு என்று வந்தால், அவவின் கணக்கில் மூன்று மட்டும்தான்.

அவவின் தவறு எது என்று பிரித்தறிய உங்களுக்கும் வேலை தெரிந்திருக்க வேண்டும். LOS சிவப்பாக எரிகிறதென்றால் வீட்டுக்கு வரும் ஒளியிழையில் சமிக்ஞை இல்லை. கேபிள் ஒடிந்திருக்கலாம், கழன்றிருக்கலாம், வெளியில் அறுந்திருக்கலாம். ரவுட்டரைத் திரும்பத் திரும்ப அணைத்துப் போட்டு, அமைப்புகளை அழித்து, “24 மணித்தியாலம் பாருங்கோ” என்று அனுப்பிய முகவர் மிகக் கனிவாகப் பேசியிருந்தாலும் தீர்வுக்குப் புள்ளி இல்லை. கேபிள் ரவுட்டரில் சரியாகச் செருகியிருக்கிறதா, எங்காவது மடிந்திருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிட்டு டெக்னீசியனுக்கு டிக்கெட் போடுவதுதான் சரியான வழி.

டிக்கெட்டையும் வாசியுங்கள். அதை மட்டும் வைத்துக்கொண்டு டெக்னீசியன் வீட்டுக்குப் போய்ச் சேர முடியுமா? தமிழ் லைனில் இதற்குத் தனி நிறை கொடுங்கள். தமிழ் மட்டும் தெரிந்த வாடிக்கையாளருக்கு, சிங்களம் மட்டும் தெரிந்த டெக்னீசியன் கோல் எடுத்தால் டிக்கெட் மூடப்பட்டு, அதே ஆள் இரட்டைக் கோபத்தோடு திரும்ப உங்கள் லைனுக்கே வருவார். அவவுக்குத் திட்டுக் கோல்கள் ஏன் அதிகம் வருகின்றன என்பதற்கு ஒரு பகுதி விடை இங்கே இருக்கலாம். வாடிக்கையாளரை அடைய முடியவில்லை என்று மூடிய டிக்கெட்டுகளை மொழி லைன் வாரியாக எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும். மேலே உள்ள முகவர் மகனின் எண்ணை வாங்கிக் குறித்தது அந்தச் சுற்றை உடைக்கிற வேலை. கோல் பாதியில் முடிந்திருந்தாலும் தீர்வில் அவவுக்கு முழுப் புள்ளி கொடுப்பேன்.

இனித் திட்டைக் கையாண்ட விதம். இதை நூற்றுவீதமாக மாற்றாதீர்கள், கோல்கள் மிகக் குறைவு. இரண்டு தரம் எச்சரித்து, மூன்றாவது தரம் சொல்லிவிட்டுக் கோலை முடிக்கிற முறையைப் பின்பற்றினாவா இல்லையா என்று கோல் வாரியாக ஒரு வரி எழுதினால் போதும். எச்சரிக்கை எப்போது வந்தது என்று பாருங்கள்: குரல் உயர்ந்தவுடனேயே வந்தால் அவசரம், ஆறு நிமிடம் கேட்டபின் வந்தால் தாமதம். எச்சரிக்கையோடு வேலையும் தொடர்ந்ததா? நல்ல எச்சரிக்கை எதை நிறுத்த வேண்டும் என்பதையும், லைனுக்கு என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்பதையும் சேர்த்தே சொல்லும். முடிக்கிறேன் என்று சொல்லித்தான் முடித்தாவா, டிக்கெட் திறந்திருந்ததா, அவர் சொன்ன வார்த்தை குறிப்பில் அப்படியே இருக்கிறதா? மியூட்டில் போட்டு அவரைக் கத்தவிடுவதும், சொல்லாமல் இன்னொருவருக்கு மாற்றிவிடுவதும், கோபத்தில் டிக்கெட் போடாமல் விடுவதும் புள்ளி குறைய வேண்டிய இடங்கள். அந்தக் கோலின் ரேட்டிங்கும், எடுத்த நேரமும், முடிந்தபின் குறிப்பெழுதப் போன நேரமும் இங்கே கணக்கில் வரக்கூடாது.

இரண்டு எச்சரிக்கை என்ற முறை எல்லாவற்றுக்கும் பொருந்தாது. பாலியல் பேச்சுக்கும் நேரடி மிரட்டலுக்கும் அவ உடனே முடிக்கலாம். மிரட்டலை 119க்குக் கொண்டுபோவது சுப்பர்வைசரின் வேலை. மறுபக்கம், கத்திக்கொண்டிருந்தவர் உயிரை மாய்த்துக்கொள்வேன் என்ற பேச்சுக்கு வந்தால் அந்தக் கோல் திட்டுக் கணக்கிலிருந்தே வெளியே போய்விடும். அவ லைனில் நின்று, சுப்பர்வைசரை அழைத்து, தேசிய மனநல உதவி எண்ணான 1926ஐ அவருக்குக் கொடுத்தாவா என்பதே அங்கே பார்க்க வேண்டியது.

பதினொரு நிமிடம் வாய் பேசாமல் திட்டு வாங்கியவருக்குப் “பொறுமை” என்று கூடுதல் புள்ளி போடும் பழக்கம் இருக்கிறது. தயவுசெய்து அதை விடுங்கள். அடுத்த வருடம் முழு டீமும் அப்படி வாங்க வேண்டும் என்று அது சொல்லிக்கொடுக்கிறது. அப்படி ஒரு பதிவு கிடைத்தால், அவ சுப்பர்வைசரைக் கேட்டாவா, கேட்டு எத்தனை நிமிடத்தில் ஆள் வந்தார் என்று பாருங்கள். நான்கு நிமிடம் ஒருவரும் வரவில்லையென்றால் அந்தக் குறை உங்கள் அப்ரைசலில் எழுதப்பட வேண்டியது. திட்டுக் கோலுக்கு அடுத்த கோலையும் கேளுங்கள். அதில் குரல் செத்துப்போயிருந்து, இரண்டுக்கும் நடுவில் நாலு செக்கன்தான் இடைவெளி என்று சிஸ்டம் காட்டினால், அதற்கு அவவின் பரிவில் புள்ளி வெட்டாதீர்கள். ஐந்து நிமிட இடைவேளைக்கு ஒரு குறியீடு போட்டுக் கொடுங்கள்.

புள்ளியை இறுதியாக்க முன் ஐந்து கோலை இன்னொருவரும் தனியாக மதிப்பிடட்டும். அவருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும். மொழிபெயர்த்த குறிப்பை வாசித்துப் பரிவுக்குப் புள்ளி போட முடியாது. இருவருக்கும் ஒரு புள்ளிக்கு மேல் வித்தியாசம் வந்தால் சராசரி எடுக்காமல், எந்த நிமிடத்தில் பிரிந்தீர்கள் என்று சேர்ந்து கேட்டு, விதியின் வாசகத்தைத் திருத்துங்கள்.

அப்ரைசல் பேச்சில் சாதாரண கோல் ஒன்றைச் சேர்ந்து கேட்கலாம், முதலில் அவவே அபிப்பிராயம் சொல்லட்டும். திட்டுக் கோலை அவவுக்குத் திரும்பப் போட்டுக் காட்ட வேண்டாம், நிமிடக் குறிப்போடு எழுத்தில் வைத்தால் போதும். படிவத்தில் “திட்டு வந்த 14 கோலில் 12இல் முறைப்படி எச்சரித்தார், 14இலும் டிக்கெட் திறந்தார், இரண்டில் எச்சரிக்கை தாமதம்” என்கிற மாதிரி எழுதுங்கள். எச்.ஆருக்குப் போகும் பிரதியில் வாடிக்கையாளரின் பெயரும் எண்ணும் இருக்கக்கூடாது.