82 பேரா, 28 பேரா: உயிர்ச்சமவலு ஆய்வின் மாதிரிப் பருமன்

கேள்வி: புதிய குளிசையொன்றை மூலக் குளிசையோடு ஒப்பிடும் குறுக்கு மாற்று ஆய்வுக்கு முன்மொழிவு எழுதுகிறேன். முந்தைய கட்டுரையில் உச்சச் செறிவின் மாறற்குணகம் 45 சதவீதம் என்றிருக்கிறது. கணக்கிட்டால் 82 பேர் வருகிறார்கள். அக்கட்டுரையில் 24 பேர்தான் பங்கேற்றார்கள். என் கணக்கு எங்கே பிழைத்தது?

பதில்:

கணக்கில் பிழையில்லை, அதற்குள் இட்ட 45தான் பிழை. கட்டுரையின் அட்டவணையில் சராசரிக்குப் பக்கத்தில் இருக்கும் நியம விலகலிலிருந்து அந்த எண்ணை எடுத்திருப்பீர்கள். அது பெரும்பாலும் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டைக் காட்டுவது. குறுக்கு மாற்று ஆய்வில் ஒருவரே இரண்டு குளிசைகளையும், முதலாவது உடலிலிருந்து முற்றாக நீங்கும்வரை இடைவெளி விட்டு, வெவ்வேறு தவணைகளில் எடுக்கிறார். அவர் தமக்குத் தாமே ஒப்பீடாவதால், அவருடைய நிறையும் ஈரலின் வேகமும் இரண்டு பக்கத்திலும் ஒன்றாகவே இருந்து கழிந்துபோகின்றன. எஞ்சுவது ஒரே ஆளுக்குள் தவணைக்குத் தவணை வரும் மாறல் மாத்திரமே. மாதிரிப் பருமனைத் தீர்மானிப்பது அதுதான்.

ஆளுக்குள்ளான மாறலைக் கட்டுரை நேரடியாகச் சொல்லாவிட்டாலும், 90 சதவீத நம்பிக்கை ஆயிடையைச் சொல்லியிருந்தால் அதிலிருந்து மீட்டெடுக்கலாம். உங்கள் கட்டுரையில் உச்சச் செறிவு விகிதத்தின் ஆயிடை 0.88 முதல் 1.12 வரை என்று வைத்துக்கொள்வோம். இரண்டு எல்லைகளினதும் இயற்கை மடக்கைகளின் வித்தியாசம் 0.2412; அதன் பாதி 0.1206. 24 இலிருந்து 2ஐக் கழித்த 22க்குரிய t பெறுமானம் 1.717. பாதியை இதனால் வகுத்தால் நியம வழு 0.0702. அதை வர்க்கித்து 12ஆல் (24இன் பாதி) பெருக்கினால், மடக்கை அளவில் ஆளுக்குள்ளான மாறற்றிறன் 0.0592. அடுக்கேற்றி 1ஐக் கழித்து வர்க்கமூலம் எடுக்க, மாறற்குணகம் 24.7 சதவீதம், அதாவது ஏறத்தாழ 25. இதையும் மாதிரிப் பருமனையும் R மொழியில் இப்படிக் கணிக்கலாம்:

```
library(PowerTOST)
CVfromCI(lower=0.88, upper=1.12, n=24, design="2x2")
sampleN.TOST(CV=0.25, theta0=0.95, targetpower=0.80)
```

கடைசிக் கட்டளை 28 பேரைத் தரும். சமவலு எல்லைகள் 0.80, 1.25 என்பதும் ஒருபக்கச் சோதனை இரண்டு என்பதும் அதில் ஏற்கெனவே உள்ளடங்கியவை. 1.25 என்ற மேலெல்லை சிலருக்கு விசித்திரமாகத் தோன்றும்; 0.80இன் தலைகீழ் அது, மடக்கை அளவில் இரண்டும் பூச்சியத்திலிருந்து சம தூரத்தில் நிற்கின்றன.

நீங்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது `theta0`, அதாவது இரு குளிசைகளின் உண்மையான விகிதம் என்று நீங்கள் கருதும் எண். அதை 1 என்று வைத்தால் 24 பேர் போதும், 0.95 என்றால் 28, 0.90 என்றால் 56. விகிதம் எல்லையை நெருங்க நெருங்க, ஆயிடை முழுவதையும் எல்லைக்குள் அடக்குவதற்கு அதை மிகவும் ஒடுக்க வேண்டியிருப்பதே காரணம். நான் கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய நாட்களில் விகிதத்தை 1 என்று வைத்து 24 பேரோடு ஓர் ஆய்வை நடத்தினோம். மதிப்பிட்ட விகிதம் 0.90 ஆக வந்தது, ஆயிடை 0.79 இல் தொடங்கி 1.02 இல் முடிந்தது. ஆயிடைக்குள் 1 இருக்கிறதே, வித்தியாசம் இல்லையென்றுதானே பொருள் என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். வித்தியாசம் நிரூபிக்கப்படவில்லை என்பது உண்மை; ஆனால் இங்கே நிரூபிக்க வேண்டியது சமவலுவை. கீழெல்லை 0.80ஐத் தாண்டிக் கீழே இறங்கியதால் ஆய்வு தோற்றது. யாழ்ப்பாணம் திரும்பி மாணவர்களின் முன்மொழிவுகளைப் பார்க்கத் தொடங்கிய பிறகும், அந்தப் பெட்டியில் 1 என்று கண்டால் முதலில் அதைத்தான் வட்டமிடுகிறேன்.

மற்றது, 25 என்பதும் 24 பேரிலிருந்து கிடைத்த ஒரு மதிப்பீடே. அதன் 80 சதவீத மேல் நம்பிக்கை எல்லையைக் கணித்தால் கிட்டத்தட்ட 29 வருகிறது. உண்மையான மாறற்குணகம் 30 ஆக இருந்து நீங்கள் 28 பேரோடு நின்றுவிட்டால், வலு 80 சதவீதத்திலிருந்து ஏறத்தாழ 65க்கு இறங்கிவிடும். 30க்குத் திட்டமிட்டால் 40 பேர் தேவை. ஒரே ஒரு சிறிய கட்டுரையைத்தான் நம்பியிருக்கிறீர்கள் என்பதால் நானாக இருந்தால் 40ஐயே எழுதுவேன். இடையில் விலகுபவர்களுக்காக 10 சதவீதம் ஒதுக்குவதானால் 40ஐ 0.9ஆல் வகுத்து, இரட்டை எண்ணாக 46 பேரைச் சேர்ப்பேன். அப்போது இரண்டு வரிசைகளுக்கும் தலா 23 பேர் வருவார்கள்.

செறிவு நேர வளைவின் கீழ்ப் பரப்புக்கும் இதே கணக்கைச் செய்து, இரண்டில் பெரிய எண்ணை எடுங்கள். வழமையாக உச்சச் செறிவுதான் கூடுதலாக மாறுவதால், பெரும்பாலும் எண்ணைத் தீர்மானிப்பது அதுவே. பரப்பின் மாறல் சிறிதாக இருக்கிறதே என்று அதை மட்டும் வைத்து முன்மொழிவை எழுதிவிட வேண்டாம்.