பறவைகள் ஏன் ஒரே புள்ளியில் குவிகின்றன?

அன்புள்ள ஐயா,

p5.js என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தை வைத்துத் திரையில் 200 பறவைகளைப் பறக்கவிட்டிருக்கிறேன். அருகிலிருப்பவற்றிடமிருந்து தள்ளிப்போகும் விலகல், அவற்றின் திசையிலேயே பறக்கும் திசையொப்பு, அவற்றின் நடுவை நோக்கிப் போகும் கூடல் ஆகிய மூன்று விதிகளையும் எழுதிவிட்டேன். விலகல் தூரம் 25 பிக்சல், மற்ற இரண்டுக்கும் 50. வேகம் அதிகபட்சம் 3, விசை அதிகபட்சம் 0.05. சில நொடிகளில் எல்லாம் கொத்துக் கொத்தாகக் குவிந்து நடுங்க ஆரம்பித்துவிடுகின்றன. விலகலின் எடையை 1.5-இலிருந்து 5 ஆக்கினேன். நடுக்கம்தான் கூடியது. விலகலில் செய்வது இவ்வளவுதான்: என் இடத்திலிருந்து பக்கத்துப் பறவையின் இடத்தைக் கழித்து, எல்லாவற்றையும் கூட்டுகிறேன். எங்கே தவறு?

கவின்

அன்புள்ள கவின்,

கடைசி வரியில் நீங்கள் சொன்ன அந்தக் கூட்டலில்தான் தவறு.

ஒரு பறவையை மட்டும் எடுத்துக்கொள்வோம். அதற்கு வலப்பக்கம் 5 பிக்சல் தள்ளி ஒன்று, கிட்டத்தட்ட முட்டும் தூரம். இடப்பக்கம் 20 பிக்சல் தள்ளி இரண்டு. உங்கள் கணக்குப்படி வலப்பக்கத்துப் பறவை இதை இடப்பக்கம் 5 அளவு தள்ளுகிறது. இடப்பக்கத்து இரண்டும் சேர்ந்து வலப்பக்கம் 40 தள்ளுகின்றன. மிச்சம் 35, வலப்பக்கமாக. முட்டப்போகிற பறவை மேலேயே போய் ஏறுகிறது. கழித்து வரும் வெக்டரின் நீளமே தூரம்தான் என்பதால், தள்ளி இருப்பது பலமாகவும் ஒட்டி இருப்பது மெதுவாகவும் தள்ளுகிறது. வேண்டியது இதற்கு நேர் எதிர்.

இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். அந்த வெக்டர்களை அப்படியே கூட்டினால் கிடைப்பது, 25 பிக்சலுக்குள் இருப்பவற்றின் மையத்திலிருந்து விலகும் திசை. கூடல் விதியோ 50 பிக்சலுக்குள் இருப்பவற்றின் மையத்தை நோக்கி இழுக்கிறது. கொத்துக்குள் இரண்டு மையமும் ஏறக்குறைய ஒன்றே. ஆக, ஒரே கோட்டில் எதிரெதிராக இழுபறி நடக்கிறதே தவிர, எது மிக அருகில் இருக்கிறது என்பதை யாரும் பார்ப்பதில்லை.

ஒவ்வொரு வெக்டரையும் தூரத்தின் வர்க்கத்தால் வகுத்துவிடுங்கள்:

```js
let diff = p5.Vector.sub(this.pos, other.pos);
let d = diff.mag();
if (other !== this && d > 0 && d < 25) {
  diff.div(d * d);
  sum.add(diff);
  n++;
}
```

அதே மூன்று பறவைகளுக்கு இப்போது கணக்குப் போடுங்கள். 5 பிக்சலில் இருப்பது 5/25, அதாவது 0.2 தள்ளும். 20 பிக்சலில் இருப்பவை தலைக்கு 20/400, அதாவது 0.05, இரண்டும் சேர்ந்து 0.1. மிச்சம் 0.1 இடப்பக்கம். சரியான பக்கம்.

கூட்டி முடித்ததும் n > 0 என்றால் மட்டும் `sum.setMag(3)`, பிறகு `sum.sub(this.vel)`, பிறகு `sum.limit(0.05)`. இந்த n சோதனையை விட்டுவிட்டால், அருகில் யாருமே இல்லாத பறவைக்கும் பூஜ்யத்திலிருந்து வேகத்தைக் கழித்து வரும் விசை போய்ச் சேரும். அது காரணமில்லாமல் பிரேக் போடும்.

அடுத்து நடுக்கம். வேகம் 3, விசை 0.05 என்றால் ஒரு ஃபிரேமில் பறவை திரும்பக்கூடியது சுமார் 1 டிகிரி. எடை 5 போட்டதும் விசை 0.25 ஆகிறது, ஃபிரேமுக்குக் கிட்டத்தட்ட 5 டிகிரி. நொடிக்கு 60 ஃபிரேம் ஓடினால் ஒரு நொடியில் முக்கால் வட்டத்துக்கு மேல் திரும்பிவிடும். கொத்தின் நடுவில் கூட்டுத்தொகை பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும், அதன் திசை நிமிடத்துக்கு நூறு முறை மாறும். அந்தச் சின்ன மிச்சத்தையும் `setMag` முழு வேகத்துக்கு இழுத்துவிடுகிறது. நீங்கள் பார்த்த நடுக்கம் அதுதான். எடையை 1.5-க்கே கொண்டுவாருங்கள். மூன்று விசையையும் கூட்டிய பிறகு மொத்தத்துக்கும் ஒரு வரம்பு வையுங்கள், 0.1 போதும்.

சரியாகிவிட்டதா என்று 200 பறவையை வைத்துப் பார்த்தால் தெரியாது. மற்ற இரண்டு எடையையும் 0 ஆக்கி, மேலே சொன்ன மூன்றையும் முதல் பறவையையும் ஒரே கோட்டில் அசையாமல் நிறுத்தி, ஒரே ஒரு ஃபிரேம் ஓட்டுங்கள். முதல் பறவை இடப்பக்கம் நகர வேண்டும். எல்லாப் பறவைக்கும் விசையைக் கணக்கிட்டு முடித்த பிறகே நகர்த்துங்கள். ஒவ்வொன்றாகக் கணக்கிட்டு உடனே நகர்த்தினால், வரிசையில் பின்னால் வருபவை முன்னே நகர்ந்துவிட்டவற்றின் புது இடத்தைப் பார்க்கும். விடை வரிசையைப் பொறுத்து மாறும்.

இந்த மூன்று விதிகளையும் கிரெய்க் ரெய்னால்ட்ஸ் 1987-இல் வெளியிட்டபோது, அண்டை என்பதைத் தூரத்தை வைத்தே வரையறுத்தார். ரோமில் ஸ்டார்லிங் பறவைக் கூட்டங்களைப் படமெடுத்து ஆராய்ந்து 2008-இல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டியது: ஒவ்வொரு பறவையும் எவ்வளவு தூரமானாலும் மிக அருகிலுள்ள ஆறேழு பறவைகளோடுதான் ஒத்துப் பறக்கிறது. இதையும் முயன்று பாருங்கள். திசையொப்புக்கும் கூடலுக்கும் 50 பிக்சலுக்குப் பதில் அருகிலுள்ள 7 பறவைகளை எடுங்கள். விலகலை மட்டும் 25 பிக்சலிலேயே விடுங்கள். கூட்டம் விரிந்து நீளும்போது 50 பிக்சல் முறையில் ஓரத்துப் பறவைகள் அறுந்து தனியே போய்விடும். 7 பறவை முறையில் அவை எட்டிப்போனாலும் எளிதில் பிடி விடுவதில்லை.