சிறிய மாவட்டமொன்றில் இளநிலை வைத்தியர்களின் பணிச்சோர்வை அளவிடுதல்

கேள்வி: திருகோணமலை மாவட்டத்து இளநிலை வைத்தியர்களின் பணிச்சோர்வு பற்றிக் குறுக்குவெட்டு ஆய்வொன்று செய்ய இருக்கிறேன். எத்தனை பேரை எடுப்பது, எந்த அளவுகோல் நல்லது, யார் என்ன சொன்னார் என்று வெளியே தெரியாமல் எப்படிப் பார்ப்பது?

பதில்: நீங்கள் கடைசியாகக் கேட்டதையே முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். எல்லாரும் எல்லாரையும் அறிந்த ஊரில் மாதிரியின் அளவும் அளவுகோலும் அதைப் பொறுத்தே அமையும்.

சில வருடங்களுக்கு முன்னர், கிழக்கிலுள்ள ஒரு வைத்தியசாலையில் இதே பொருளில் ஒரு சிறு ஆய்வைச் செய்தேன். வினாக்கொத்தில் பெயர் கேட்கவில்லை என்பதால் இரகசியம் காக்கப்பட்டுவிட்டதாக நம்பினேன். ஆனால் வயது, பால், விடுதி, திருமண நிலை, படித்த பல்கலைக்கழகம் ஆகிய ஐந்தையும் கேட்டிருந்தேன். தரவைக் கணினியில் பதியும்போது ஒரு தாளில் 29 வயது, பெண், சிறுவர் விடுதி, திருமணமானவர் என்று வரிசையாக வந்தது. அந்த விடுதியில் அப்படி ஒருவர்தான் இருந்தார். முதல் நாள்தான் அவரோடு தேநீர் குடித்திருந்தேன். களைப்புப் பற்றிய கேள்விகள் எல்லாவற்றுக்கும் அவர் ‘எப்போதும்’ என்று குறித்திருந்தார். எனக்குத் தெரிந்தது விடுதிப் பொறுப்பாளருக்கும் தெரிந்திருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது. வேறு பலர் இதை என்னைவிட முன்னதாகவே புரிந்துகொண்டு, விடுதியின் பெயரை வெறுமையாக விட்டிருந்தார்கள்.

ஆகவே பகுப்பாய்வில் உண்மையாகவே பயன்படுத்தப்போகும் விபரங்களை மட்டும் கேளுங்கள். வயதுக்குப் பதிலாக, உள்ளகப் பயிற்சியில் இருப்பவரா, அதை முடித்தவரா என்பது போதும். விடுதிப் பெயருக்குப் பதிலாக, கடந்த நான்கு வாரங்களில் எத்தனை இரவுக் கடமைகள் என்று கேளுங்கள். உங்களுக்கு வேண்டிய காரணி பெரும்பாலும் அதுதான். இனம், பல்கலைக்கழகம், திருமண நிலை ஆகியவற்றுக்கு உங்கள் ஆய்வு வினாவில் இடமில்லையென்றால் விட்டுவிடுங்கள். அறிக்கையில் எந்த அட்டவணைக் கட்டத்திலும் ஐந்து பேருக்குக் குறைவாக வந்தால் அதைப் பக்கத்துக் கட்டத்தோடு சேர்த்துவிடுவதென்று ஆய்வு முன்மொழிவிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

கூகிள் படிவம் தாளைவிடப் பாதுகாப்பானது என்று பலரும் நினைக்கிறார்கள். அதில் `Collect email addresses` நிறுத்தப்பட்டிருந்தாலும், பதில்கள் சேரும் தாளில் `Timestamp` என்ற நிரல் தானாகவே வந்துவிடும். அதிகாலை 3.10க்கு வந்த பதிலைக் கடமைப் பட்டியலோடு ஒப்பிட்டால் அனுப்பியவர் யாரென்று ஊகிப்பது கடினமல்ல. தரவை இறக்கியவுடன் அந்த நிரலை நீக்குங்கள், மூலத் தாளையும் வேறு எவருடனும் பகிராதீர்கள். தாளில் செய்வதாயின் சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்கி அதையே வினாக்கொத்தோடு இணைத்துவிடாதீர்கள். நிரப்பித் தருவதே சம்மதம் என்ற ஏற்பாட்டை நெறிமுறை மீளாய்வுக் குழுவிடம் முன்கூட்டியே கேட்டுப் பெறலாம். வைத்திய நிபுணர் மூலமாக வினாக்கொத்தைக் கொடுக்கவும் வேண்டாம். உள்ளகப் பயிற்சியைத் திருப்தியாக முடித்ததாகக் கையெழுத்திடப்போகிறவரே நீட்டும் தாளை மறுக்கும் துணிவு எந்தப் பயிற்சி வைத்தியருக்கும் இராது.

மாதிரிக்கு வருவோம். மாவட்டப் பொது வைத்தியசாலை, கந்தளாய், கிண்ணியா, மூதூர் ஆதார வைத்தியசாலைகள், இதர சிறிய வைத்தியசாலைகள் எல்லாவற்றையும் சேர்த்து, உங்கள் வரைவிலக்கணத்துக்குள் 120 பேர் வருகிறார்கள் என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். (வரைவிலக்கணத்தை முதலில் உறுதியாக்குங்கள், உள்ளகப் பயிற்சியிலிருப்போரும் அதை முடித்து ஐந்து வருடங்களுக்குட்பட்டோரும் என்பது ஒரு தெளிவான எல்லை.) வழமையான சூத்திரத்தில் விகிதத்தை 50 சதவீதமாகவும் வழுவை 5 சதவீதமாகவும் எடுத்தால் 384 பேர் தேவை என்று வரும். சிறிய குடித்தொகைக்கான திருத்தத்தைச் செய்தால்:

```
n = 384 / (1 + 383/120) ≈ 92
92 / 0.8 = 115
```

ஐந்தில் ஒருவர் பதில் தரமாட்டார் என்ற கணிப்பையும் சேர்த்தால் 115 பேரை அணுகவேண்டும். மிஞ்சுவது ஐந்தே பேர் என்னும்போது குலுக்கிப் பார்ப்பதில் பொருளில்லை, 120 பேரையுமே அழையுங்கள். அதோடு, குலுக்கலில் யார் வந்தார்கள் என்ற பட்டியலே இரகசியத்துக்கு இன்னொரு ஓட்டை.

அனைவரையும் அழைத்த பிறகு சிக்கல் மாதிரியெடுப்பில் இல்லை, பதில் தராதவர்களில் இருக்கிறது. 72 பேர் பதில் தந்து, அவர்களில் 36 பேருக்குப் பணிச்சோர்வு என்றால் 50 சதவீதம் என்று எழுதத் தோன்றும். பதில் தராத 48 பேரில் ஒருவருக்கும் அது இல்லையென்றால் உண்மை அளவு 30 சதவீதம். அனைவருக்கும் இருந்தால் 70 சதவீதம். இந்த இரண்டு எல்லைகளையும் அறிக்கையில் எழுதுங்கள். மிகவும் சோர்ந்தவர் வினாக்கொத்தைத் தொடவே மாட்டார், அல்லது அந்த வாரம் விடுமுறையில் இருப்பார், அல்லது நாட்டை விட்டே போயிருப்பார். ஆறு மாதத்துக்கொருமுறை பயிற்சி விடுதிகள் மாறும் வாரங்களையும் தவிர்த்துவிடுங்கள். புதிய இடத்தில் முதல் வாரத்தில் கிடைக்கும் பதில் எந்த விடுதியைப் பற்றியது என்பதே தெரியாது.

அளவுகோலில் பலரும் எடுப்பது மஸ்லாக்கின் 22 கேள்விகள் கொண்ட வினாக்கொத்து. அது உரிமை பெற்றது, பிரதிக்குக் கட்டணமும் உண்டு. அதன் வெட்டுப்புள்ளிகளோ ஆய்வுக்கு ஆய்வு வேறுபடுகின்றன. 2018இல் வெளிவந்த ஒரு மீளாய்வு, 182 ஆய்வுகளைத் தொகுத்தபோது, பணிச்சோர்வுக்குக் குறைந்தது 142 வேறுபட்ட வரைவிலக்கணங்களைக் கண்டது. நான் கோபன்ஹேகன் வினாக்கொத்தையே பரிந்துரைப்பேன். இலவசமானது, 19 கேள்விகள், தனிப்பட்ட சோர்வு, வேலை சார்ந்தது, நோயாளர் சார்ந்தது என மூன்று பகுதிகள். ஒவ்வொரு பதிலுக்கும் 0, 25, 50, 75, 100 என்று புள்ளி. பகுதியின் சராசரியே அதன் மதிப்பு. நம் வைத்தியர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் மருத்துவம் படித்தவர்கள் என்பதால் ஆங்கில வடிவமே போதும். தமிழிலும் சிங்களத்திலும் பெயர்த்து, இரண்டும் ஒரே பொருளைத்தான் அளக்கின்றன என்று நிறுவுவது தனியொரு ஆய்வு.

ஆனால் இந்த அளவுகோலில் ஒரு பொறி இருக்கிறது. 50ம் அதற்கு மேலும் என்பதே வழமையான வெட்டுப்புள்ளி. பயந்த ஒருவர் எதையும் சொல்ல விரும்பாமல் நடுக்கட்டத்திலேயே மேலிருந்து கீழாக அடையாளமிட்டால் அவரது மதிப்பு சரியாக 50 ஆகிவிடும், அவரும் பணிச்சோர்வுள்ளவராக எண்ணப்படுவார். வேலை சார்ந்த பகுதியில் தலைகீழாகப் புள்ளியிடப்படும் கேள்வி ஒன்று உண்டு, குடும்பத்துக்கும் நண்பர்களுக்கும் போதிய தெம்பு இருக்கிறதா என்பது. ஓரக் கட்டங்களில் கண்ணை மூடிக் குறிப்பவரை அது காட்டிக்கொடுக்கும். நடுவில் குறிப்பவரை அது பிடிக்காது, 50ஐத் திருப்பினாலும் 50தான். எனவே மூன்று பகுதிகளிலும் சரியாக 50 பெற்றவர்களைத் தனியே எண்ணுங்கள். மேலே சொன்ன 36 பேரில் 9 பேர் அப்படிப்பட்டவர்கள் என்றால், அவர்களை முற்றாக நீக்கினால் 63 பேரில் 27 பேர், அதாவது 43 சதவீதம். இரண்டு கணக்கையும் கொடுங்கள், சதவீதத்தோடு சராசரிப் புள்ளியையும் கொடுங்கள். அந்த ஒன்பது பேரின் எண்ணிக்கை, உங்கள் இரகசிய ஏற்பாட்டை வைத்தியர்கள் எவ்வளவு நம்பினார்கள் என்பதற்கும் ஓரளவு சான்றாகும்.

மனச்சோர்வுக்கான வினாக்கொத்தையும் கூடவே வைக்கலாமா என்று தோன்றக்கூடும். அதில் தற்கொலை எண்ணம் பற்றிய கேள்வி இருந்தால், ஒருவர் ‘ஆம்’ என்று குறிக்கும்போது அவர் யாரென்று தெரியாத உங்களால் எதுவும் செய்ய முடியாது. அதை விட்டுவிட்டு, தேசிய மனநல உதவி இலக்கமான 1926ஐத் தகவல் தாளில் அச்சிட்டு, அந்தத் தாளை ஒவ்வொருவரும் வைத்துக்கொள்ளக் கொடுங்கள்.