முதலில் பாசிட்டிவ், மறுபடி நெகட்டிவ்: எதை எடுத்துக்கொள்வது?

கேள்வி: எனக்கு வயது 56. ஹெல்த் செக்கப்பில் மலத்தில் ரத்தம் பார்க்கும் ‘ஃபிட்’ பரிசோதனை பாசிட்டிவ் என்று வந்தது. எனக்குப் பல வருடமாக மூலம் உண்டு. சந்தேகத்தில் வேறு லேபில் மறுபடி செய்தேன், நெகட்டிவ். வயிற்றில் ஒரு தொந்தரவும் இல்லை. கோலனோஸ்கோப்பி அவசியமா? சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் இதயத்துக்கு ஆஸ்பிரினும் சாப்பிடுகிறேன்.
- வாசகர், திருநெல்வேலி

பதில்: கேமரா உள்ள குழாயை ஆசனவாய் வழியே விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் கோலனோஸ்கோப்பி உங்களுக்கு அவசியம்தான். இரண்டாவது ரிசல்ட் முதல் ரிசல்ட்டை ரத்து செய்யாது.

பெருங்குடலில் பாலிப் என்னும் சதை வளர்ச்சியோ புற்றுநோயோ இருந்தால், அது தினமும் கசிவதில்லை. மலம் உரசிப் போகும் சில நாட்களில் மட்டும் கொஞ்சம் கசியும். அந்த ரத்தமும் மலம் முழுக்கச் சமமாகக் கலந்திருக்காது. பரிசோதனைக் குச்சியில் ஒட்டுவதோ ஒரு அரிசி மணி அளவுகூட இருக்காது. ஆகவே நெகட்டிவ் என்றால் ‘இன்று எடுத்த இந்தத் துளியில் ரத்தம் அகப்படவில்லை’ என்று மட்டுமே பொருள். சிங்கப்பூரில் 50 வயதைத் தாண்டியவர்களுக்கு இரண்டு கிட் கொடுத்து, இரண்டு வெவ்வேறு நாட்களில் மாதிரி எடுக்கச் சொல்கிறார்கள். அதில் ஒன்று பாசிட்டிவ் ஆனாலே அடுத்தது கோலனோஸ்கோப்பிதான்.

‘முந்தின நாள் மட்டன் சாப்பிட்டேன், அதனால்தான்’ என்று பலர் சொல்வார்கள். பழைய வகைப் பரிசோதனையில் அந்தக் குழப்பம் உண்டு. ஃபிட் மனித ரத்தத்தின் புரதத்தை மட்டும் பிடிப்பதால் ஆட்டு ரத்தம் அதில் தெரியாது. இரைப்பையிலிருந்து கசியும் ரத்தத்தின் புரதமும் வழியில் பெரும்பாலும் செரித்துவிடும் என்பதால், பாசிட்டிவ் வந்தால் முதலில் தேட வேண்டிய இடம் பெருங்குடல்.

மூலம் விஷயத்தில்தான் நம் ஊரில் அதிகம் ஏமாந்துபோகிறோம். மூலத்திலிருந்தும் ரத்தம் வரலாம், உண்மைதான். ஆனால் மூலம் இருப்பவருக்குப் பாலிப் இருக்கக்கூடாது என்று எந்த விதியும் இல்லை. உங்கள் வயதில் இரண்டும் சேர்ந்தே இருப்பது சாதாரணம். வந்த ரத்தம் எதிலிருந்து என்பதை உள்ளே பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது, என்னாலும்தான். ஆஸ்பிரினைக் காரணம் காட்டுவதும் இப்படித்தான். இருக்கிற புண்ணை அது கொஞ்சம் கூடுதலாகக் கசிய வைத்திருக்கலாம். அப்போதும் அந்தப் புண் எது என்று பார்த்தாக வேண்டும்.

பயத்துக்கு ஒரு அளவு சொல்லிவிடுகிறேன். ஃபிட் பாசிட்டிவ் ஆகி கோலனோஸ்கோப்பி செய்யும் 100 பேரில் சுமார் 3 முதல் 5 பேருக்குத்தான் புற்றுநோய் இருக்கும். மூன்றில் ஒருவருக்காவது பாலிப் இருக்கும். பெரும்பாலான பாலிப்பை அதே நேரத்தில், அதே குழாய் வழியாக வெட்டி எடுத்துவிடலாம். பாலிப் புற்றாக மாறப் பொதுவாகப் பல வருடங்கள் ஆகும். எனவே நாளைக்கே ஓட வேண்டாம். ஓரிரு மாதத்துக்குள் செய்துகொள்ளுங்கள். அடுத்த வருடச் செக்கப் வரை தள்ளாதீர்கள்.

குழாய் விடுவதைவிடக் குடலைச் சுத்தம் செய்வதுதான் உண்மையான சிரமம். இரண்டு மூன்று நாளுக்கு முன்பிருந்தே கீரை, கொய்யா, தக்காளி விதை, கேழ்வரகு வேண்டாம். ரசம் சாதம், இட்லி, மோர் போதும். பேதி மருந்தில் பாதியை முந்தின மாலையிலும் மீதியை அன்று அதிகாலையிலும் குடிக்கச் சொல்வார்கள். அதிகாலைப் பங்கை விட்டுவிடாதீர்கள். கடைசியில் போவது கட்டியில்லாமல், சிறுநீர் போலத் தெளிந்த மஞ்சளாக இருக்க வேண்டும். கலங்கலாக இருந்தால் சிறு பாலிப் கண்ணில் படாது. மறுபடி முதலிலிருந்து செய்ய நேரும்.

ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தாதீர்கள். பாலிப் எடுப்பதற்கும் குறைந்த அளவு ஆஸ்பிரினைத் தொடரச் சொல்வதே வழக்கம். ஸ்டென்ட் இருந்தால், வேறு ரத்தம் இளக்கும் மாத்திரையும் சாப்பிட்டால், உங்கள் இதய மருத்துவரிடம் கேட்டுச் சொல்லுங்கள். சாப்பாடு இல்லாத நாளில் மெட்ஃபார்மினை என்ன செய்வது என்றும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மயக்க மருந்து கொடுப்பதால் கூட ஒருவர் வர வேண்டும். அன்று வண்டி ஓட்டக்கூடாது. குடலில் ஓட்டை விழும் ஆபத்து உண்டு, ஆனால் ஆயிரத்தில் ஒருவருக்கு என்ற அளவில்தான். முடிந்தபின் கடுமையான வயிற்றுவலியோ அதிக ரத்தப்போக்கோ வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் இரண்டு விஷயம் பாருங்கள். பெருங்குடல் தொடங்கும் ‘சீக்கம்’ வரை குழாய் போனதா? குடல் சுத்தமாக இருந்ததா? இரண்டும் ஆம் என்றால், பாலிப்பும் இல்லை என்றால், தொந்தரவு ஏதும் வராத வரை பத்து வருடத்துக்கு ஃபிட் பரிசோதனையே தேவையில்லை. பாலிப் எடுத்திருந்தால், அதன் எண்ணிக்கை, அளவு, பயாப்ஸி முடிவு ஆகியவற்றைப் பார்த்து அடுத்த கோலனோஸ்கோப்பி எப்போது என்று சொல்வார்கள்.