தேய்மானம் எழுதினால் பணம் சேர்ந்துவிடுமா? மாற்று நிதி பற்றிய கேள்வி பதில்

புதிய பொருளாளர், 60 வீட்டுக் குடியிருப்பு: லிஃப்ட் போட்டு 12 வருஷம் ஆச்சு. வாங்கிய விலை 10 லட்சம், ஆயுள் 20 வருஷம். வருஷத்துக்கு 50 ஆயிரம் தேய்மானம் எழுதுறோம். பழைய லிஃப்டை மாத்துறதுக்குன்னு சேர்க்கிற மாற்று நிதிக்கும் அதே 50 ஆயிரத்தை ஒதுக்கினா போதும்தானே?

போதாது. தேய்மானம் என்பது என்றோ கொடுத்த 10 லட்சத்தை வருஷங்களுக்குப் பிரித்து எழுதும் கணக்கு. நீங்கள் சேர்க்க வேண்டியது இன்னும் 8 வருஷம் கழித்து வரப்போகும் பில்லுக்கு.

இன்றைய கொட்டேஷன் 18 லட்சம் என்றும், விலை வருஷத்துக்கு 6 சதவீதம் ஏறுகிறது என்றும் வையுங்கள். 8 வருஷத்தில் அது சுமார் 28.7 லட்சம் ஆகும். லிஃப்டுக்கென்று இப்போது கையில் 4 லட்சம் இருந்து, டெபாசிட்டிலும் 6 சதவீதமே கிடைத்தால், அது 6.4 லட்சமாக வளரும். மீதி 22.3 லட்சத்தைத்தான் நீங்கள் சேர்க்க வேண்டும். கணினி விரிதாளில் இப்படிப் போடுங்கள், தொகைகள் லட்சத்தில்:

```
=PMT(6%,8,-4,28.69)
```

விடை சுமார் 2.25, முன்னால் மைனஸ் குறியோடு வரும். கையிலிருந்து போகும் பணம் என்பதால் அந்தக் குறி. அதாவது வருஷக் கடைசியில் 2.25 லட்சம், ஒரு வீட்டுக்கு மாதம் சுமார் 313. இதற்குப் பதில் 50 ஆயிரம் மட்டும் போட்டு வந்தால் 8 வருஷ முடிவில் கையில் 11.3 லட்சம்தான் இருக்கும். விழும் துண்டு 17 லட்சத்துக்கு மேல். அதை ஒரே மாதத்தில் 60 வீட்டிலும் வசூலிக்க வேண்டியிருக்கும்.

டெபாசிட் வட்டி விலையேற்றத்துக்குச் சமமாக இருக்கும் என்று நம்பித்தான் இந்தக் கணக்கு. வட்டி 4 சதவீதம்தான் என்றால் வருஷத் தொகை 2.5 லட்சத்தைத் தாண்டும். ஆகவே வருஷம் ஒருமுறை மூன்றையும் புதுப்பியுங்கள்: கொட்டேஷன், மிச்ச ஆயுள், வட்டி. மிச்ச ஆயுளைக் கணக்குப் புத்தகத்திலிருந்து எடுக்காதீர்கள். பராமரிக்கிற மெக்கானிக்கிடம், எந்தப் பாகத்துக்கு உதிரி கிடைப்பது நின்றுவிட்டது என்று கேளுங்கள். ரோப் தேய்ந்தால் ரோப்பை மட்டும் மாற்றலாம். கன்ட்ரோல் பேனலுக்கு உதிரி நின்றுவிட்டால் பெட்டி நன்றாக இருந்தும் பெரிய செலவு முன்கூட்டியே வந்துவிடும்.

பகுதிநேரக் கணக்காளர்: தேய்மானம் ரொக்கச் செலவு இல்லை. அதை வரவு செலவில் காட்டினாலே அந்த அளவு பணம் உள்ளே தங்கிவிடும். தனி நிதி எதுக்கு?

முதல் பாதி சரி. பணம் தங்குவது, சந்தாவைத் தேய்மானத்தையும் சேர்த்து நிர்ணயித்து, அது முழுக்க வசூலும் ஆகியிருந்தால்தான். தங்கியதும் நடப்புக் கணக்கில் கிடந்தால் காவலாளி சம்பளத்துக்கும் மோட்டார் ரிப்பேருக்கும் போய்விடும்.

உங்கள் பேலன்ஸ் ஷீட்டையே எடுத்துப் பாருங்கள். உதாரணமாக, ஒரு பக்கம் மாற்று நிதி 9.2 லட்சம் என்று நிற்கும். எதிர்ப்பக்கம் டெபாசிட் 3.1, வங்கி இருப்பு 0.8, உறுப்பினர் பாக்கி 6 லட்சம் என்று இருந்தால், அந்த நிதியில் பாதிக்கு மேல் பாக்கிதாரர்களிடம் கிடக்கிறது. தனி டெபாசிட்டில் இல்லாத நிதியை நிதி என்று எண்ணாதீர்கள்.

அதே கணக்காளர்: அப்போ பட்ஜெட்டில் தேய்மானம், மாற்று நிதி ரெண்டையும் போட்டு சந்தா நிர்ணயிக்கலாமா?

கூடாது. ஒரே லிஃப்டுக்கு உறுப்பினர் இருமுறை கட்டுவார். சந்தாக் கணக்கில் மாற்று நிதிப் பங்களிப்பு மட்டும் வரட்டும். தேய்மானம் ஆண்டுக் கணக்கில் அதன் இடத்தில் இருக்கட்டும். வரியில் எது கழியும் என்பதை உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள்.

ஒரு உறுப்பினர்: மொத்த பட்ஜெட்டில் எத்தனை சதவீதம் ஒதுக்கணும்?

சட்டமோ துணைவிதியோ குறைந்தபட்சம் சொன்னால் அதற்குக் கீழே போகாதீர்கள். தேவையான தொகையைச் சதவீதம் சொல்லாது; எதை எப்போது, எவ்வளவு செலவில் மாற்ற வேண்டும் என்ற பட்டியல்தான் சொல்லும்.

பள்ளி நிர்வாகி: கம்ப்யூட்டர் லேப் நன்கொடையாக வந்தது. புத்தகத்தில் மதிப்பே இல்லை, தேய்மானமும் இல்லை. அதற்கும் நிதி வேண்டுமா?

மாற்றும்போது நன்கொடையாளர் திரும்ப வருவார் என்று எழுத்தில் இருந்தால் வேண்டாம். இல்லையென்றால் வேண்டும். சொத்துப் பதிவேட்டையே மாற்றுப் பட்டியலாக எடுத்துக்கொள்வதில்தான் தவறு நடக்கிறது. இலவசமாக வந்தது, மதிப்பு பூஜ்யமாகி இன்னும் ஓடிக்கொண்டிருப்பது, சொத்தாகவே எழுதப்படாத வெளிப்பூச்சு, மொட்டைமாடி நீர்க்கசிவுத் தடுப்பு, எல்லாம் விடுபட்டுப்போகும். கையில் நோட்டோடு மாடியிலிருந்து மோட்டார் அறை வரை நடந்து தனிப் பட்டியல் போடுங்கள்.

கம்ப்யூட்டருக்கு இன்னொரு வழியும் உண்டு. 40 இருந்து ஆயுள் 5 வருஷம் என்றால், வருஷம் 8 மாற்றுங்கள். செலவு சமமாக ஓடும். பெரிய நிதி தேவைப்படாது. ஆனால் நாற்பதும் ஒரே நாளில் வந்தவை என்றால் முதல் சுற்றில் சிலவற்றை ஆயுளுக்கு முன்பே மாற்ற நேரும். பழையதில் நல்லதை அலுவலகத்துக்குத் தள்ளலாம்.

மூன்றாம் மாடிக்காரர்: ரெண்டு வருஷத்துல வீட்டை விக்கப் போறேன். புது லிஃப்டுல நான் ஏறப் போறதில்லை. நான் ஏன் கட்டணும்?

புது லிஃப்டுக்காக இல்லை, நீங்கள் ஏறி இறங்கிய தேய்வுக்காக. இன்றைய 18 லட்சத்தை 20 வருஷத்துக்குப் பிரித்தால் வருஷம் 90 ஆயிரம். அதில் உங்கள் வீட்டுப் பங்கு நீங்கள் இருக்கும் காலத்துக்கு உங்களுடையதே.

போன வருஷம் வீடு வாங்கியவர்: அப்படின்னா 12 வருஷம் ஏறினவங்க 10.8 லட்சம் வெச்சிருக்கணும். இருக்கிறது 4. அந்த 6.8 லட்சம் ஏன் எங்க தலையில?

உங்கள் கணக்கு சரி. இன்றைய விலை 18 லட்சத்தில் கையிலிருக்கும் 4 போக மீதி 14 லட்சத்தை 8 வருஷத்துக்குப் பிரித்து, வருஷத்துக்கு 1.75 லட்சம் கேட்டால், அதில் ஏறக்குறைய பாதி பழைய பாக்கி. போனவர்களிடம் அதை வாங்க வழியில்லை.

மூன்றாம் மாடிக்காரர்: பாக்கின்னு தெரிஞ்சுதானே குறைஞ்ச விலைக்கு வாங்கியிருப்பீங்க?

போன வருஷம் வாங்கியவர்: எந்தக் கணக்கையும் யாரும் காட்டலையே!

வீடு வாங்குமுன் மாற்று நிதி டெபாசிட் ரசீதைக் கேட்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம். உங்களுக்கு அது இப்போது உதவாது. எட்டு வருஷத்துக்குப் பரப்பலாம். எளிது, ஆனால் புதியவர் மீது சுமை. ஒருமுறை வசூல் செய்யலாம். இப்போது இருக்கும் பழைய உரிமையாளர்களும் பங்கு கொடுப்பார்கள், ஆனால் ஓய்வூதியத்தில் வாழ்பவருக்குக் கனமாக இருக்கும். பாக்கிப் பகுதிக்கு மட்டும் மாற்றும் சமயத்தில் கடன் வாங்கி, புது லிஃப்டைப் பயன்படுத்துபவர்கள் அடைக்கலாம். வட்டி கூடும், கடன் கிடைக்குமா என்பதும் உறுதியில்லை. நான் முதல் வழியைச் சொல்வேன். அதை முழு நியாயம் என்று சொல்ல மாட்டேன். பொதுக்குழுதான் வாக்கெடுக்க வேண்டும்.

வேறொரு உறுப்பினர்: பத்து சதவீதம் ஒதுக்கினா சரியா இருக்குமா?

மேலே சொல்லிவிட்டேன். பட்டியலோடு வாருங்கள், தொகை சொல்கிறேன்.

குடியிருப்பவர்: எந்த கம்பெனி லிஃப்ட் நல்லது?

இங்கே பேசுவது பணம் சேர்ப்பது பற்றி. அதை உங்கள் மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

புதிய பொருளாளர்: குறைந்துசெல் மதிப்பு முறையில் தேய்மானம் எழுதினா ஆரம்பத்தில் அதிகமா ஒதுக்க முடியுமே, அது நல்லதில்லையா?

ஆரம்பத்தில் அதிகம், பிறகு வருஷா வருஷம் குறையும். அதைப் பார்த்து ஒதுக்கினால், லிஃப்ட் கிழடாகி விலையும் ஏறியிருக்கும் கடைசி வருஷங்களில்தான் மிகக் குறைவாகப் போடுவீர்கள். தேய்மானத்துக்கு எந்த முறையும் இருக்கட்டும். உங்கள் 2.25 லட்சத்தை அது ஒரு பைசாவும் மாற்றாது. அந்தத் தொகைக்கு ஏப்ரல் பட்ஜெட்டில் தனித் தலைப்பு போடுங்கள். டெபாசிட் ரசீதின் தலைப்பில் லிஃப்ட் என்றே எழுதச் சொல்லுங்கள்.