67 மாறிகள், 88 நாடுகள்: எந்த மாடலை நம்புவது?

"நாடுகளின் பொருளாதார வளர்ச்சியை விளக்கும் ரிக்ரஷனில் மாறியைச் சேர்த்தாலோ எடுத்தாலோ பள்ளிக்கல்வியின் கெழு மாறுகிறது. எந்த மாடலைத் தேர்ந்தெடுப்பது?"

எதையும் தேர்ந்தெடுக்க வேண்டாம், எல்லா மாடல்களுக்கும் சேர்த்துச் சராசரி எடுங்கள். பொருளியலாளர்கள் சலா-இ-மார்ட்டின், டோப்பல்ஹோஃபர், மில்லர் மூவரும் 2004-இல் 88 நாடுகளுக்கு, 67 மாறிகளை வைத்து இதைத்தான் செய்தார்கள். 2^67 மாடல்களை யாராலும் ஓட்டிப் பார்க்க முடியாது; அதனால் அவற்றில் ஒரு பகுதியை மட்டும் மாதிரியாக எடுத்து ஓட்டினார்கள்.

ஒவ்வொரு மாடலுக்கும் ஓர் எடை உண்டு. பொருத்தம் கூடினால் எடை கூடும், மாறி கூடினால் குறையும். 88 நாடுகள் என்றால், புதிதாக வரும் மாறி எச்ச வர்க்கங்களின் கூட்டுத்தொகையைச் சுமார் 5% குறைத்தால்தான் அந்த அபராதம் ஈடாகும்.

சரி, மூன்றே மாடல்கள் என்று வைப்போம். எடைகள் 0.5, 0.3, 0.2. பள்ளிக்கல்வியின் கெழு முதலாவதில் 0.02, இரண்டாவதில் 0.01, மூன்றாவதில் அந்த மாறியே இல்லை, அதாவது 0. சராசரி 0.013, அந்த மாறி மாடலில் இடம்பெறும் நிகழ்தகவு 0.5 + 0.3 = 0.8. முதல் மாடலை மட்டும் வெளியிட்டிருந்தால் 0.02 என்று அடித்துச் சொல்லியிருப்பீர்கள்.

இந்த 0.8-ஐத் தனியாகப் படிக்காதீர்கள். மாடலில் சராசரியாக 7 மாறிகள் இருக்கும் என்பது அவர்களின் முன்அனுமானம். அப்படியானால் தொடக்க நிகழ்தகவு 7/67, ஏறக்குறைய 0.10. அதிலிருந்து எவ்வளவு ஏறியது என்பதே சான்று.

அப்புறம், ஒரே விஷயத்தை அளக்கும் இரண்டு மாறிகளைப் போட்டால் நிகழ்தகவு இரண்டுக்கும் பங்காகி, இரண்டுமே பலவீனமாகத் தெரியும். வருமானத் தரவின் பதிப்பை மாற்றினாலும் மாறிகளின் வரிசை கலையலாம். நான் முதலில் ஓட்டிப் பார்ப்பது அதைத்தான்.