கோடுகள் முழுமையாக இருந்தும் இணைப்பு தாமதமாகிறது: செல்பேசியை மாற்றலாமா?

கேள்வி: எங்கள் குடியிருப்புக்கு அருகிலுள்ள செல்பேசிக் கோபுரம் நீண்ட மின்தடையின்போது அணைந்துவிடுகிறது. மின்சாரம் திரும்பியதும் என் 4ஜி செல்பேசியில் சிக்னல் கோடுகள் முழுமையாக வந்துவிடுகின்றன. ஆனால் அழைப்போ இணையமோ கிடைக்க அரை நிமிடத்துக்கு மேல் ஆகிறது. பொறுமை இழந்து செல்பேசியை அணைத்துப் போடுவேன். பக்கத்து வீட்டுக்காரரின் விலையுயர்ந்த செல்பேசியில் உடனே கிடைத்துவிடுகிறது. கடைக்காரரோ, "உங்களுடையது பழைய மோடம், புதியது வாங்குங்கள், இல்லையென்றால் சிக்னல் பூஸ்டர் வையுங்கள்" என்கிறார். வாங்கலாமா?

பதில்: இந்த ஒரு காரணத்துக்காக என்றால் இரண்டுமே வேண்டாம். உங்கள் திரையில் தெரியும் கோடுகள், கோபுரம் பேசுவது உங்கள் செல்பேசிக்கு எவ்வளவு நன்றாகக் கேட்கிறது என்பதை மட்டுமே காட்டுகின்றன. உங்கள் செல்பேசி பேசுவது கோபுரத்துக்குக் கேட்டதா என்பது வேறு செய்தி. உங்கள் தாமதம் பெரும்பாலும் அந்த இரண்டாவது பக்கத்தில்தான் நேர்கிறது.

கோபுரத்தோடு முதன்முதலாகத் தொடர்பு கொள்ளும் செல்பேசிக்கு அங்கே தனக்கென ஒதுக்கப்பட்ட நேரமோ அலைவரிசையோ கிடையாது. ஆகவே 'தற்போக்கு அணுகல்' எனப்படும் பொது வாசல் வழியாகத்தான் அது உள்ளே வர வேண்டும். 4ஜி கோபுரம் ஒவ்வொன்றுக்கும் 64 முன்குறிகள் உண்டு. பொறியாளர்கள் இவற்றை ப்ரீயாம்பிள் என்பார்கள். அவற்றில் சிலவற்றை, பேச்சின் நடுவே வேறொரு கோபுரத்திலிருந்து மாறி வரும் செல்பேசிகளுக்காகக் கோபுரம் ஒதுக்கி வைக்கும். மீதமுள்ளவை, 52 என்று வைத்துக்கொள்வோம், எல்லோருக்கும் பொது. செல்பேசி அவற்றுள் ஒன்றைக் குலுக்கல் போல எடுத்து, அதற்கென்று குறிக்கப்பட்ட நேரத்தில் அனுப்புகிறது; அப்படிப்பட்ட வாய்ப்பு 5 மில்லி நொடிக்கு ஒரு முறை வருவது வழக்கமான அமைப்புகளில் ஒன்று. அந்த முன்குறியில் அனுப்பியவரின் பெயரோ எண்ணோ இருப்பதில்லை என்பதை நினைவில் கொள்ளுங்கள், ஏனெனில் பின்னால் வரும் சிக்கல் முழுவதும் அதிலிருந்துதான் பிறக்கிறது.

உங்கள் செல்பேசியும் இன்னொருவருடையதும் ஒரே நொடிப்பொழுதில் 17ஆம் முன்குறியை எடுத்துவிட்டன என்று கொள்வோம். கோபுரத்துக்கு '17 வந்தது' என்று மட்டுமே தெரியும். வந்தது ஒருவரா இருவரா என்று பெரும்பாலும் அதனால் பிரித்தறிய முடியாது. சில மில்லி நொடிகளில் அது '17ஐ அனுப்பியவரே, உமக்கு இந்தத் தற்காலிக எண், இந்த நேரத் திருத்தம், அடுத்துப் பேச இந்த இடம்' என்று ஒரு பதிலை அனுப்புகிறது. இரண்டு செல்பேசிகளும் அது தமக்கு வந்ததென்றே நம்பி, ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், தத்தம் அடையாளத்துடன் இணைப்புக் கோரிக்கையை அனுப்புகின்றன. மோதல் உண்மையில் வெளிப்படுவது இந்த மூன்றாவது செய்தியில்தான். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து எதுவுமே புரியாமல் போகலாம். அல்லது வலுவாக வந்த ஒன்று மட்டும் புரியலாம். புரிந்தால், நான்காவது செய்தியில் கோபுரம் தான் கேட்ட அடையாளத்தை அப்படியே திருப்பிச் சொல்லும். அது உங்களுடையதாக இருந்தால் நீங்கள் உள்ளே வந்துவிட்டீர்கள். வேறொருவருடையதாக இருந்தாலோ, குறித்த காலத்துக்குள் எதுவுமே வராவிட்டாலோ, தோற்றுவிட்டதாக உங்கள் செல்பேசி முடிவு செய்து, குலுக்கலை மீண்டும் தொடங்கும். பக்கத்து வீட்டுக்காரரின் செல்பேசி உடனே இணைந்ததற்கு இந்தக் குலுக்கலின் அதிர்ஷ்டமே போதுமான விளக்கம். விலை உயர்ந்த மோடத்துக்குத் தனிச் சீட்டு எதுவும் கிடையாது.

மோதல் எவ்வளவு எளிதில் நேரும்? ஒரே வாய்ப்பில் 10 செல்பேசிகள் வந்தால், உங்கள் முன்குறியை இன்னொன்றும் எடுத்திருக்க ஏறக்குறைய 16 விழுக்காடு வாய்ப்பு உண்டு. அந்தப் பத்தில் ஏதேனும் இரண்டு மோதிக்கொள்ளும் வாய்ப்போ சுமார் 60 விழுக்காடு. 150 செல்பேசிகள் ஒரே வாய்ப்பில் வந்தால், உங்களுடையது மோதலில் சிக்கும் வாய்ப்பு 94 விழுக்காட்டைத் தாண்டிவிடும். ஆனால் இவ்வளவு நெரிசல் அன்றாடம் வருவதில்லை. விமானம் தரையிறங்கியதும் எல்லோரும் செல்பேசியை இயக்குவதால் இப்படி ஆகிறது என்று பலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. 180 பயணிகள் ஒரு நிமிடத்துக்குள் இயக்கினாலும் நொடிக்குச் சராசரியாக மூன்று பேர்தான். அந்த ஒரு நொடியிலோ 200 வாய்ப்புகள் வந்து போகின்றன. மனித விரல்கள் அந்த அளவுக்கு ஒத்திசைந்து இயங்குவதில்லை. அணைந்திருந்த கோபுரம் திடீரென உயிர்பெற்று, அதற்காகத் தேடிக்கொண்டிருந்த செல்பேசிகள் ஒருசேர அதைக் கண்டுகொள்வது வேறு வகை. உங்கள் நிலை அதுதான்.

தோற்ற செல்பேசி உடனே மறுபடியும் முட்டுவதில்லை. கோபுரம் தன் பதிலோடு ஓர் 'ஒதுங்கல்' அளவையும் சொல்லியிருந்தால், சுழியத்துக்கும் அந்த அளவுக்கும் இடைப்பட்ட ஏதோ ஒரு நேரம், மறுபடியும் குலுக்கல் முறையிலேயே, காத்திருந்துவிட்டு வரும். அந்த அளவு 4ஜியில் அதிகபட்சம் 960 மில்லி நொடி. கோபுரம் 20 மில்லி நொடி என்று வைத்திருந்தால் தோற்ற கூட்டம் அடுத்த நான்கு வாய்ப்புகளுக்குள்ளேயே திரும்பி வந்து மீண்டும் நெரியும். 960 என்று வைத்தால் அதே கூட்டம் 192 வாய்ப்புகளில் சிதறிவிடும். இதை அமைப்பது நிறுவனத்தின் பொறியாளர். செல்பேசி வாங்குபவர் அல்ல. ஒவ்வொரு மறுமுயற்சியிலும் செல்பேசி தன் ஆற்றலைக் கோபுரம் குறித்த படியளவில், எடுத்துக்காட்டாக 2 டெசிபல், கூட்டுகிறது. அதன் குரல் சிறியதாக இருந்ததால் கேட்கவில்லை என்ற ஊகத்தில் செய்யப்படுவது அது. ஒரே சீட்டை இருவர் எடுத்துவிட்ட மோதலில் அதனால் பெரிய பயன் இல்லை.

இங்கே ஒரு கணக்கைப் பார்த்துவிட வேண்டும். ஒதுங்கல் அளவு 20 மில்லி நொடி போலச் சிறியதாக இருந்தால், மோதலில் வீணாகும் ஒரு முயற்சி, எல்லாக் காத்திருப்பையும் சேர்த்தாலும், ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு அளவே பிடிக்கும். நான்காவது செய்திக்காகக் காத்திருக்கும் காலமே அதிகபட்சம் 64 மில்லி நொடிதான். பத்து முயற்சிகள் தோற்றாலும் ஏறக்குறைய ஒரு நொடி. அப்படியானால் அரை நிமிடம் எங்கிருந்து வருகிறது? இந்தக் குலுக்கலுக்கு மேலே, இணைப்பையும் பதிவையும் கவனிக்கும் அடுக்கிலிருந்து. இணைப்புக் கோரிக்கைக்கென T300 என்றொரு காலக்கெடு உண்டு. கோபுரத்தின் அமைப்பைப் பொறுத்து அது 100 மில்லி நொடி முதல் 2 நொடி வரை இருக்கும். அதற்குள் உள்ளே நுழைய முடியாவிட்டால், பிணையத்தில் பதிவு செய்யும் முயற்சி தோற்றதாகச் செல்பேசி கணக்கு வைத்து, 10 நொடி சும்மா இருந்துவிட்டு மறுபடியும் முயலும். காலக்கெடு 1 நொடி என்றால், மூன்று தோல்விகளுக்கு 33 நொடி, நான்காவதில் இணைப்பு. நீங்கள் சொல்லும் 'அரை நிமிடத்துக்கு மேல்' இந்தக் கணக்கோடு நன்றாகவே பொருந்துகிறது. ஐந்தாவதும் தோற்றால் கதை வேறு: அடுத்த முயற்சிக்கு முன் செல்பேசி நீண்ட ஓய்வுக்குப் போய்விடும், பிணையம் வேறு அளவு சொல்லாதவரை அது 12 நிமிடம்.

ஆகவே உங்கள் அணைத்துப் போடும் பழக்கத்தைப் பற்றிச் சற்றுக் கண்டிப்பாகவே சொல்கிறேன். கோபுரம் அணைவதற்கு முன்பே பதிவாகியிருந்த செல்பேசி, அதே பகுதியில் கோபுரம் திரும்பியதும் மறுபடியும் முழுப் பதிவு செய்யத் தேவையில்லாமல் போகலாம். நீங்கள் அணைத்துப் போட்டால் அந்தப் பதிவை முதலிலிருந்து செய்தே ஆக வேண்டும். நெரிசலின் உச்சத்தில் அப்படிச் செய்வது உங்களுக்கும் தாமதம், மற்றவர்களுக்கும் கூடுதல் மோதல். ஒரே விதிவிலக்கு, இரண்டு மூன்று நிமிடம் கடந்தும் எதுவும் நடக்காத நிலை. அப்போது செல்பேசி அந்த நீண்ட ஓய்வில் சிக்கியிருக்கக்கூடும்; விமானப் பயன்முறையை ஒரு முறை இட்டு எடுத்தால் கணக்கு சுழியத்திலிருந்து தொடங்கும்.

சிக்கல் நெரிசலா, உங்கள் செல்பேசியா என்று பிரித்தறிய அதன் அமைப்புகளில் சிக்னல் வலிமையை எண்ணாகப் பாருங்கள். அது dBm என்ற ஆற்றல் அலகில் இருக்கும்; எண் சுழியத்தை விட்டுக் கீழே போகப் போகச் சிக்னல் மெலிகிறது என்று பொருள். திரையில் -85 dBm என்று இருந்து, கோபுரம் தன் ஆற்றலை 18 dBm என்று அறிவித்திருந்தால், வழியில் இழப்பு 103 டெசிபல். முன்குறி தன்னிடம் -104 dBm அளவில் வந்து சேர வேண்டும் என்று கோபுரம் கேட்டால், உங்கள் செல்பேசி -1 dBm ஆற்றலில் தொடங்கினால் போதும்; அதன் உச்சம் 23 dBm என்பதால் குரலை உயர்த்த நிறைய இடம் மீதமிருக்கிறது. இந்த நிலையிலும் தாமதம், அதுவும் மின்சாரம் திரும்பிய முதல் சில நிமிடங்களில் மட்டும் என்றால், அது நெரிசல். மாறாக -118 dBm என்று காட்டினால் தேவைப்படுவது 32 dBm. முதல் முயற்சியிலேயே செல்பேசி உச்சத்தைத் தொட்டுவிடும், மறுமுயற்சியில் கூட்ட எதுவும் இராது. அப்போதைய தாமதம் கூட்டமில்லாத நள்ளிரவிலும் வரும். அதே இடத்தில், அதே நிறுவனத்தின் சிம்முடன் வேறொரு செல்பேசி மட்டும் எப்போதும் எளிதாக இணைகிறது என்றால், உங்களுடையதன் ஆண்டெனாவைச் சந்தேகிப்பது நியாயம்.

பூஸ்டர் இந்த இரண்டாவது நிலைக்கு உரியது. மோதலுக்கு அது மருந்தல்ல. சரியாக அமைக்கப்படாத பூஸ்டர், கோபுரத்தின் காதில் இரைச்சலைக் கூட்டி எல்லோருடைய முன்குறியையும் கேட்காமல் செய்துவிடும். நிறுவனத்தின் ஒப்புதல் இல்லாமல் அதை நிறுவுவது பல நாடுகளில் சட்டப்படி குற்றமும் ஆகும். புதிய 5ஜி செல்பேசி ஒரு வகையில் உதவலாம்: அங்கே 5ஜிக்குத் தனி வாசல் இருந்து, அதில் கூட்டம் குறைவாகவும் இருந்தால் அங்கே எளிதில் நுழையலாம். ஆனால் பல இடங்களில் 5ஜி செல்பேசியும் முதலில் 4ஜி வாசல் வழியாகவே உள்ளே வருகிறது; ஆகவே உங்கள் நிறுவனத்தின் 5ஜி அங்கே தனித்து இயங்குகிறதா என்று கேட்காமல் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

உங்கள் செல்பேசியில் இரண்டாவது சிம் போட இடம் இருந்தால், மின்தடையில் அணையாத கோபுரம் வைத்திருக்கும் வேறொரு நிறுவனத்தின் சிம்மைப் போடுவதே இவற்றுள் மலிவான வழி. கூடவே, இப்போதைய நிறுவனத்துக்கு எழுதும்போது 'சிக்னல் இல்லை' என்று எழுதாதீர்கள். அவர்கள் கோடுகளைக் காட்டிப் புகாரை முடித்துவிடுவார்கள். 'மின்சாரம் திரும்பிய இத்தனை மணிக்கு, சிக்னல் -85 dBm இருந்தும், இத்தனை நொடி பதிவு நடக்கவில்லை' என்று நாளும் நேரமும் குறித்து எழுதினால், தற்போக்கு அணுகலின் தோல்விக் கணக்கை அந்த நேரத்துக்கு எடுத்துப் பார்த்து, ஒதுங்கல் அளவை மாற்ற அவர்களுடைய பொறியாளரால் முடியும்.